லிங்க்ட்இன் பக்கத்துக்கு எந்தப் போட்டோ?



நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வேலை விண்ணப்ப உதவிக்காக வரும் பிள்ளைகளிடம் இப்போது இரண்டு விஷயங்கள் தவறாமல் இருக்கின்றன. ஒன்று பட்டச் சான்றிதழ், இன்னொன்று கைபேசியில் தொடங்கி வைத்த லிங்க்ட்இன் அல்லது நௌக்ரி கணக்கு. படிப்பு, மதிப்பெண், தெரிந்த மொழிகள் எல்லாவற்றையும் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்து நிரப்ப வைத்திருக்கிறார்கள். போட்டோ இருக்க வேண்டிய வட்டத்தில் மட்டும் ஒரு ரோஜாப்பூ இருக்கும். அல்லது அண்ணன் கல்யாணத்தில் எடுத்த படம் இருக்கும், இல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில் ஓர் ஆள் உருவம் மட்டும் இருக்கும். எந்தப் போட்டோ வைக்கலாம் என்று பிள்ளைகளும் கேட்கிறார்கள், பெற்றோர்களும் கேட்கிறார்கள். பெண் பிள்ளைகளின் பெற்றோர் போட்டோ வைக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அரசுத் தேர்வுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் கேட்கிற போட்டோவின் வேலை, இந்த ஆள்தான் அந்த ஆள் என்று அடையாளம் காட்டுவது. அதற்கு அளவு, பின்னணி நிறம், முகம் தெரிய வேண்டிய விதம் எல்லாம் விதியாகவே சொல்லப்பட்டிருக்கும், நம் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. லிங்க்ட்இன் போட்டோ அப்படியல்ல. அது உங்களுடைய முகமாக இருக்க வேண்டும், நிறுவனச் சின்னம், இயற்கைக் காட்சி, எழுத்து போன்றவை கூடாது என்பதற்கு மேல் அந்தத் தளம் பெரிதாக எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே பார்ப்பவருக்கு ஒரு செய்தி ஆகிவிடுகிறது.

அதைப் பார்ப்பவர் யார், எப்படிப் பார்க்கிறார் என்று தெரிந்தால் மற்றது எளிது. சென்னையில் ஒரு நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவில் இருப்பவர் ‘கணக்கு உதவியாளர், டேலி தெரிந்தவர்’ என்று தேடினால் அவர் திரையில் நீண்ட பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் பெயர், ஒரு வரி அறிமுகம், ஊர், அவற்றுக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு வட்டப் படம். அவர் உங்கள் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் பார்ப்பது அந்த நக அளவுப் படத்தைத்தான். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே ‘இவர் நம்பத்தக்கவர், இவர் திறமையானவர்’ என்று மக்கள் மனதில் முடிவு செய்துவிடுகிறார்கள் என்றும், அதிக நேரம் கொடுத்தால் அந்த முடிவு பெரும்பாலும் மாறாமல், அதன் மேல் உறுதிதான் கூடுகிறது என்றும் அதில் கண்டார்கள். இந்த முடிவு சரியானதா என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் அதற்கு எந்த ஆதாரமும் இருப்பதில்லை. ஆனாலும் மனிதர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

இதைவிட நமக்குப் பயன்படுவது அதே டோடோரோவ் ஜென்னி போர்ட்டர் என்பவருடன் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரே ஆளின் வெவ்வேறு படங்களைக் காட்டியபோது, இரண்டு வெவ்வேறு மனிதர்களைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு வேறுபட்ட அபிப்பிராயங்களை மக்கள் சொன்னார்கள். ஒரு காரியத்துக்கு நன்றாக இருக்கிறது என்று தேர்ந்தெடுத்த படத்தை வேறொரு காரியத்துக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆக, ‘என் முகம் போட்டோவுக்கு எடுபடாது’ என்று பிள்ளைகள் சொல்வதில் அர்த்தமில்லை. படம் மாறினால் பார்ப்பவருடைய எண்ணமும் மாறுகிறது, முகம் அதேதான்.

இதை நம்மிடம் வந்த ஒரு பிள்ளையை வைத்தே சொல்கிறேன். பெயர் வேண்டாம். பி.காம். முடித்தவர், டேலி பயிற்சியும் முடித்திருந்தார். சென்னையிலோ பாண்டிச்சேரியிலோ கணக்கு உதவியாளர் வேலை தேடினார். கைபேசியில் நான்கு போட்டோக்கள் வைத்திருந்தார், எதை ஏற்றலாம் என்பதுதான் கேள்வி.

முதலாவது, செஞ்சியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. நீலப் பின்னணி. அவர் போட்டிராத கறுப்புக் கோட்டை கம்ப்யூட்டரில் மாட்டி விட்டிருந்தார்கள். இந்தப் பழக்கம் நம் பகுதி ஸ்டூடியோக்களில் நிறைய இருக்கிறது, பையன்களுக்கு டையும் சேர்த்தே மாட்டுவார்கள். பெற்றோருக்கு அதுதான் மிகவும் பிடிக்கும். வேலை கொடுப்பவருக்கோ அது ஒரு நொடியில் தெரிந்துவிடும். கழுத்தின் மேல் விழும் ஒளி ஒரு பக்கமிருந்து வரும், கோட்டின் மேல் விழும் ஒளி வேறு பக்கமிருந்து வரும். தோளின் அகலம் தலைக்குப் பொருந்தாது, ஸ்கார்ஃபின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது போல நிற்கும். அதோடு முகத்தின் நிறத்தைக் கூட்டி, தோலை வழவழப்பாக்கி விடுவார்கள். இந்தப் படம் ‘இவர் ஒழுங்கானவர்’ என்று சொல்ல நினைக்கிறது, ஆனால் பார்ப்பவர் ‘இது உண்மைப் படமில்லை’ என்றுதான் எடுத்துக்கொள்வார். கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு அந்த எண்ணம் வருவது நல்லதல்ல. இன்டர்வியூவுக்குப் போகும்போது நிறமும் முகமும் வேறாக இருந்தால் அறைக்குள் நுழையும்போதே ஒரு சங்கடம் வேறு.

இரண்டாவது, கல்யாண வீட்டில் எடுத்தது. ஜரிகைத் துணி, நகை, பளிச்சென்ற சிரிப்பு. பக்கத்தில் நின்ற அக்காவை வெட்டி எடுத்திருந்தாலும் அவருடைய கை தோளில் அப்படியே இருந்தது. நால்வரில் அழகான படம் எது என்று கேட்டால் அதுதான். வீட்டில் எல்லோரும் அதைத்தான் வைக்கச் சொன்னார்கள். ஆனால் அது ஒரு விசேஷ நாளின் படம், பார்ப்பவருக்கும் அப்படியே தோன்றும். வேலைக்காகத் தயாராக ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாதவர் என்ற எண்ணமும் சேர்ந்து வரும். பிறர் கை தெரியும் படம் என்றால் இரண்டாம் யோசனையே வேண்டாம்.

மூன்றாவது செல்ஃபி. அதில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. கையை நீட்டி எடுக்கும்போது கேமரா முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் மூக்கு கேமராவுக்கு அருகிலும் காதுகள் தள்ளியும் இருப்பதால் மூக்கு பெரிதாகவும் முகம் ஒடுங்கியும் தெரியும். 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டு ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். 12 அங்குலத்தில் எடுத்தால் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் பெரிதாகத் தெரிகிறது, 5 அடிக்குத் தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்றார்கள். மூக்கை அறுவை சிகிச்சை செய்து சின்னதாக்கச் சொல்லி செல்ஃபியோடு வருபவர்களைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இந்தக் கணக்கைப் போட்டார்களாம்! இது தவிர, செல்ஃபியில் பெரும்பாலும் அழகூட்டும் அமைப்பு தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், தோல் மெழுகு போல வரும். செல்ஃபி சொல்லும் செய்தி, ‘சும்மா இருந்தபோது எடுத்தேன்’ என்பதுதான்.

நான்காவது, கல்லூரியில் பட்டமளிப்பு அங்கியோடு எடுத்தது. இது தவறான படமில்லை. ஆனால் அது ‘இப்போதுதான் படித்து முடித்தேன்’ என்பதை மட்டும் உரக்கச் சொல்கிறது. முதல் சில மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். டேலி பயிற்சியும் முடித்து, ஆறு மாதம் ஒரு கடையில் கணக்கும் எழுதியிருந்த இந்தப் பிள்ளைக்கு அது பொருத்தமாகப் படவில்லை.

நான்கையும் விட்டுவிட்டு, அலுவலகத்திலேயே புதிதாக ஒன்று எடுத்தோம். காசு செலவில்லை, இருபது நிமிட வேலை. எடுத்த முறையை அப்படியே சொல்கிறேன், வீட்டிலும் இதைச் செய்யலாம்.

காலை பத்து மணிக்கு, வெயில் நேராக உள்ளே விழாத ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுத்தோம். டியூப்லைட்டை அணைத்தோம், ஏனெனில் தலைக்கு மேலிருந்து வரும் ஒளி கண்ணுக்குக் கீழே கருவளையம் போட்டுவிடும். பிள்ளையை ஜன்னலைப் பார்த்து, அதிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி நிற்க வைத்தோம். முதுகுக்குப் பின்னால் சுவர் ஒட்டி இருக்கக் கூடாது, மூன்றடியாவது இடம் வேண்டும், இல்லாவிட்டால் நிழல் சுவரில் விழும். எடுப்பவர் ஐந்தாறு அடி தள்ளி நின்று, கைபேசியின் பின்பக்க கேமராவால், கண் மட்டத்துக்குப் பிடித்து எடுத்தார். கொஞ்சம் பெரிதாக்கும் வசதி, அதாவது 2x, இருந்தால் பயன்படுத்தலாம். எடுத்தவர் அவருடைய தங்கைதான். பழக்கமான ஆள் எடுக்கும்போது முகம் இறுகாது.

துணி விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் கறுப்பு ஸ்கார்ஃபில் வந்திருந்தார். கேமரா மொத்தப் படத்தின் வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்து ஒளியைக் கூட்டிக் குறைக்கிறது. கறுப்பு அதிகமாக இருந்தால் படம் இருட்டாக இருக்கிறது என்று நினைத்து ஒளியைக் கூட்டிவிடும், முகம் வெளுத்துப்போகும். வெள்ளை ஸ்கார்ஃப் என்றால் நேர்மாறாக முகம் கறுத்துவிடும். இதற்குத் தீர்வு, திரையில் முகத்தின் மேல் விரலால் ஒருமுறை தொடுவது. அப்போது முகத்துக்குத் தகுந்தபடி ஒளி சரியாகும். அப்படியும் சரிப்படாததால், பூ வேலைப்பாடு இல்லாத ஒரே நிறத்தில், இடைப்பட்ட சாம்பல் நீல ஸ்கார்ஃபை வீட்டிலிருந்து வரவழைத்தோம். அது சுவரின் வெளிர் நிறத்திலிருந்து பிரிந்து தெரிந்தது. ஸ்கார்ஃப் நெற்றியில் முன்னுக்கு இறங்கியிருந்தால் கண்ணில் நிழல் விழும், அதை ஒரு விரற்கடை பின்னால் தள்ளினால் போதும், முடி தெரிய வேண்டியதில்லை. கண்ணாடி அணிபவர்கள் முகவாயைச் சற்றே தாழ்த்தினால் ஜன்னலின் பளபளப்பு கண்ணாடியில் விழாது.

முப்பது படம் எடுத்ததில் மூன்று தேறின. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாங்கள் செய்தது இதுதான். மூன்றையும் நகம் அளவுக்குச் சிறிதாக்கி, அவரைத் தெரியாத இரண்டு பேரிடம் காட்டினோம். ‘இவரிடம் உங்கள் கடைக் கணக்கைக் கொடுப்பீர்களா?’ என்று கேட்டோம். அழகாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. இருவரும் ஒரே படத்தைக் காட்டினார்கள். லேசான புன்னகை, நேராகப் பார்க்கும் கண்கள். அந்தப் பிள்ளைக்குப் பிடித்தது வேறொன்று. நம் படத்தை நாமே தேர்ந்தெடுப்பதைவிட அறியாதவர் தேர்ந்தெடுப்பது மேல், ஏனெனில் வேலை கொடுப்பவரும் நம்மை அறியாதவர்தான்.

ஏற்றும்போது, முகம் வட்டத்தில் பாதிக்கு மேல் நிரம்ப வேண்டும். லிங்க்ட்இன் தரும் ஆலோசனை ஏறத்தாழ 60 சதவீதம். தலையின் உச்சியும் தோளின் மேல்பகுதியும் வட்டத்துக்குள் இருந்தால் இந்த அளவு தானாக வந்துவிடும். படம் குறைந்தது 400 × 400 பிக்சல் இருக்க வேண்டும், 8 எம்.பி.க்கு மேல் போகக் கூடாது. ஸ்டூடியோவில் எடுப்பவர்கள் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது படத்தைச் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சலில் கேளுங்கள். அச்சிட்ட பாஸ்போர்ட் படத்தைக் கைபேசியால் படமெடுத்து ஏற்றுவதும் வேண்டாம், மங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் வரும்.

இனி பையன்கள். இவர்களுடைய பிரச்சினை வேறு. நம் ஊர்ப் பையன் கைபேசியில் கட்டாயம் ஒரு கோட்டைப் படம் இருக்கும். ராஜகிரி உச்சியிலோ கல்யாண மஹால் முன்னாலோ, கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கீழேயிருந்து மேல்நோக்கி எடுத்தது. கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபின் இந்தப் படங்கள் இன்னும் அதிகமாகிவிட்டன. நகம் அளவுக்குச் சுருக்கினால் அதில் கல்லும் வானமும்தான் தெரியும், ஆள் ஒரு புள்ளி. பெரிதாக்கினாலும் கண் தெரியாது. கண் தெரியாத முகத்தைப் பார்ப்பவர் எளிதில் நம்புவதில்லை. கீழேயிருந்து எடுக்கும் கோணம் சினிமா போஸ்டருக்கு நல்லது, வேலை தருபவருக்கு அது அதிகாரத் தோரணையாகப் படும். கோட்டைப் படத்தை லிங்க்ட்இன் பக்கத்தின் மேலே உள்ள அகலமான பட்டையில் வைக்கலாம், அங்கே அது அழகாகவே இருக்கும்.

எந்த உடை என்பது எந்த வேலை என்பதைப் பொறுத்தது. வங்கி, காப்பீடு, கணக்குத் தணிக்கை போன்ற இடங்களில் முழுக்கைச் சட்டை, விருப்பமிருந்தால் உண்மையான கோட். ஐ.டி. நிறுவனங்களில் கோட் போட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை, ஆனால் அங்கே பெரும்பாலும் காலர் வைத்த சாதாரணச் சட்டையில்தான் ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாக வருபவர் மட்டும் டை கட்டியிருந்தால், அந்த இடத்தைப் பற்றி அறியாதவர் என்று தோன்றலாம். வெல்டிங், ஏ.சி. மெக்கானிக், எலக்ட்ரீஷியன் வேலை தேடும் பையன்களுக்கு நான் சொல்வது, கோட் படத்தைவிட வேலைச் சட்டையில் எடுத்த படம் நன்றாக வேலை செய்யும் என்பது. பின்னணியில் பட்டறை லேசாகத் தெரியலாம். ஆனால் ஹெல்மெட்டும் கண்ணாடியும் முகத்தை மறைக்கக் கூடாது, முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையும் வேண்டாம். வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பிப்பவர்களிடம் பயோடேட்டாவிலேயே போட்டோ கேட்பது வழக்கம், அங்கே வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் பாணிப் படம் பொருந்தும். இங்கிலாந்து, அமெரிக்கா என்றால் பயோடேட்டாவில் போட்டோ வைக்கவே கூடாது. பாகுபாடு காட்டியதாகக் குற்றச்சாட்டு வருமோ என்று அங்குள்ள நிறுவனங்கள் அதை விரும்புவதில்லை.

தாடி வைத்த பிள்ளைகள் ஓரங்களைச் சீராக்கிக்கொண்டால் போதும். வெள்ளைத் தொப்பி அணிபவர்கள் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்காதீர்கள், வட்டத்தில் தலையின் மேல்பகுதி வெட்டுப்பட்டது போலத் தெரியும்.

தொப்பி, தாடி, ஸ்கார்ஃப் என்று வரும்போது எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ‘ஸ்கார்ஃபோடு போட்டோ வைத்தால் கூப்பிடுவார்களா?’ இதற்கு நான் ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்ப விரும்பவில்லை. ஜெர்மனியில் விண்ணப்பத்தோடு போட்டோ அனுப்புவது வழக்கம். அங்கே டோரிஸ் வைக்சல்பாமர் என்ற பொருளாதாரப் பேராசிரியை ஒரே பெண்ணின் போட்டோவை வைத்து, ஒரே தகுதிகளோடு, மூன்று விதமாக விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து 2016-இல் முடிவை வெளியிட்டார். ஜெர்மன் பெயருக்கு 18.8 சதவீதம் அழைப்பு வந்தது. துருக்கிப் பெயர், ஸ்கார்ஃப் இல்லாத போட்டோ என்றபோது 13.5 சதவீதம். அதே துருக்கிப் பெயர், ஸ்கார்ஃபோடு போட்டோ என்றபோது 4.2 சதவீதம். அதாவது ஓர் அழைப்பு பெற ஜெர்மன் பெயர்க்காரரைப் போல நாலரை மடங்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. நம் நாட்டில் லெட்பை ஃபவுண்டேஷன் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் வேலைகளுக்கு ஒரே தகுதியோடு பிரியங்கா சர்மா, ஹபீபா அலி என்ற இரண்டு கற்பனைப் பெயர்களில் விண்ணப்பித்தார்கள். பிரியங்காவுக்கு 208 இடங்களிலிருந்தும் ஹபீபாவுக்கு 103 இடங்களிலிருந்தும் சாதகமான பதில் வந்தது.

இந்த எண்களிலிருந்து இரண்டு விஷயங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பாகுபாடு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. லிங்க்ட்இனில் பெயர் எப்படியும் இருக்கும். போட்டோவில் மட்டும் ஸ்கார்ஃபை எடுத்துவிட்டால் அழைப்பு கொஞ்சம் கூடலாம், ஜெர்மன் எண்கள் அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் அந்த அழைப்புக்கு ஸ்கார்ஃபோடு போய் நிற்கும் பிள்ளை, அதை விரும்பாத நிறுவனத்தின் வாசலுக்குத்தான் போகிறாள். பஸ் செலவும் ஒரு நாளும் போகும், மனமும் நோகும். வேலையில் எப்படி இருக்கப் போகிறோமோ அப்படியே போட்டோவில் இருப்பது, விரும்பாதவர்களை முன்கூட்டியே வடிகட்டி விடுகிறது. அழைப்பு குறையும், ஆனால் வருகிற அழைப்பு தெரிந்தே வருவது. இது என் கருத்து, முடிவெடுக்க வேண்டியது அந்தப் பிள்ளைதான். இரண்டு, நம் நாட்டுத் தனியார் நிறுவனங்களில் பெரும்பாலானவை பயோடேட்டாவில் போட்டோ கேட்பதில்லை. கேட்காத இடத்தில் நாமாக ஒட்டிக் கொடுக்கத் தேவையில்லை. பயோடேட்டாவில் முதலில் படிப்பையும் வேலையையும் படிக்கட்டும். லிங்க்ட்இன் முகத்தோடு பழகும் இடம், போட்டோ அங்கே இருக்கட்டும்.

போட்டோவே வைக்க விரும்பாத சகோதரிகளும் இருக்கிறார்கள், முகத்திரை அணிபவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை, தளமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வெற்று வட்டத்தைப் பார்ப்பவர், கைவிட்ட கணக்கு அல்லது போலிக் கணக்கு என்று நினைக்க வாய்ப்பு அதிகம். ஆகவே அந்தக் குறையை எழுத்தால் ஈடுகட்ட வேண்டும். பெயருக்குக் கீழே வரும் வரியில் ‘வேலை தேடுபவர்’ என்று மட்டும் போடாமல், என்ன தெரியும், எத்தனை மாதம் செய்தேன் என்று எழுத வேண்டும். படித்த ஆசிரியரோ வேலை கொடுத்தவரோ நாலு வரி பரிந்துரை எழுதித் தந்தால் அதுவும் பக்கத்தில் தெரியும். பூவும் குழந்தைப் படமும் நடிகர் படமும் வைப்பதைவிட வெற்று வட்டமே மேல், ஏனெனில் அந்தப் படங்களைப் புகார் வந்தால் தளமே நீக்கிவிடலாம்.

பெற்றோர்களின் பயம் வேறு. மகளின் போட்டோவை யாராவது எடுத்துத் தவறாகப் பயன்படுத்திவிடுவார்களோ என்கிறார்கள். பயம் நியாயமானது, அதை முழுவதும் போக்க யாராலும் முடியாது. திரையில் தெரியும் எந்தப் படத்தையும் பிரதி எடுக்க முடியும். ஆனால் குறைக்கலாம். லிங்க்ட்இனில் தன் போட்டோவைத் தொட்டால், அதை யாரெல்லாம் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி வருகிறது. நம்மோடு தொடர்பில் இணைந்தவர்கள் மட்டும், லிங்க்ட்இன் கணக்கு உள்ளவர்கள் எல்லோரும், இணையத்தில் யார் வேண்டுமானாலும் என்று அதில் படிகள் உண்டு. இணைந்தவர்கள் மட்டும் என்று வைத்தால் ஆள் தேடும் ஹெச்.ஆர். ஊழியருக்கும் வெற்று வட்டம்தான் தெரியும், போட்டோ வைத்த பயன் போய்விடும். வேலை தேடும் காலத்தில் ‘கணக்கு உள்ளவர்கள் எல்லோரும்’ என்று வைத்து, வேலை கிடைத்ததும் குறைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்து வரும். அப்படி வைத்தால் கணக்கில்லாத வெளியாள் கூகுளில் தேடும்போது அந்தப் படம் அவருக்குக் கிடைக்காது. தோளுக்கு மேல் மட்டும் தெரிகிற, வீடோ தெருவோ பின்னணியில் தெரியாத படமாக இருப்பது இந்த விஷயத்திலும் நல்லது.

கடைசியாக ஒன்று. நம் பக்கத்து நிறுவனங்களில் ஹெச்.ஆர். ஊழியர்கள் பயோடேட்டாவில் உள்ள எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வாட்ஸ்அப்பில்தான் முதல் செய்தி அனுப்புகிறார்கள். லிங்க்ட்இனில் நல்ல படம் வைத்துவிட்டு வாட்ஸ்அப் டி.பி.யில் நடிகர் படமும் காதல் தோல்வி வசனமும் இருந்தால் அவர் பார்ப்பது அதைத்தான். வேலை தேடும் மாதங்களில் மூன்று இடத்திலும், அதாவது லிங்க்ட்இன், நௌக்ரி, வாட்ஸ்அப் மூன்றிலும், ஒரே படத்தை வையுங்கள். ஒரே முகம் எல்லா இடத்திலும் வந்தால் இவர்தான் அவர் என்று அவருக்கும் சந்தேகமில்லாமல் தெரியும். தாடி வைத்தாலோ, கண்ணாடி மாற்றினாலோ, இரண்டு மூன்று வருடம் ஆனாலோ படத்தைப் புதுப்பியுங்கள்.

வீட்டில் எடுக்க வசதிப்படாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து லுஹர் வரை நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம், கட்டணம் கிடையாது. ஒரே நிறத்தில் இரண்டு சட்டை அல்லது இரண்டு ஸ்கார்ஃப், ஒரு சீப்பு கொண்டு வாருங்கள். பெண் பிள்ளைகளுக்குப் படமெடுக்க நம் மகளிர் பிரிவுச் சகோதரிகள் இருப்பார்கள். வீட்டிலிருந்து ஒருவர் கூட வருவது நல்லது, எடுத்த படங்கள் உங்கள் கைபேசியில் மட்டுமே இருக்கும்.

செயலாளர்